காம்பொசிஷன் வணிகரின் கணக்குப் புத்தகம்: ஒரு சதவீத வரி எங்கே, கொள்முதல் ஜிஎஸ்டி எங்கே?

விற்பனையில் ஒரு சதவீதத்தை மட்டும் ஜிஎஸ்டியாகக் கட்டும் காம்பொசிஷன் திட்டத்தில் சேர்ந்து சேலத்திலும் ஏற்காட்டிலும் கடை நடத்துவோர் ஆண்டுக் கணக்கை முடிக்கும் வேளையில் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாப் பதில்களுக்கும் ஒரே கடை எடுத்துக்காட்டாக வருகிறது. ஏற்காட்டில் பைப், பெயிண்ட், வயர், சுவிட்சு விற்கும் ஒரு ஹார்டுவேர் கடை அது. சரக்கு செவ்வாய்ப்பேட்டை மொத்த வியாபாரிகளிடமிருந்து மலையேறி வருகிறது. கடை கற்பனை, விதிகளும் விகிதங்களும் 2024-25 நிதியாண்டுக்கு உரியவை.

பில்லில் ஒரு சதவீதம் எனத் தனியாகப் போட்டு வாடிக்கையாளரிடம் வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவர் தம் விற்பனைக்கு வாடிக்கையாளரிடமிருந்து வரி வசூலிக்கக் கூடாது. அதனால் அவர் கொடுப்பது வரி விலைப்பட்டியல் அல்ல. வரி என்று எதையும் பிரித்துக் காட்டாத ‘பில் ஆஃப் சப்ளை’. தாம் காம்பொசிஷன் வணிகர் என்பதையும், வரி வசூலிக்கத் தகுதியற்றவர் என்பதையும் அந்தப் பில்லின் தலைப்பிலேயே அச்சிட்டிருக்க வேண்டும்.

கணக்கின் மீதிப் பகுதி முழுவதும் இந்த ஒரு விதியிலிருந்துதான் பிறக்கிறது. வழக்கமான முறையில் வரி செலுத்தும் வணிகர் அரசுக்காக வசூலித்துக் கொடுக்கிறார். அவர் வாங்கிய வரி ஒருநாளும் அவருடைய வருமானம் ஆகாது, கட்டும்போது செலவும் ஆகாது. காம்பொசிஷன் வணிகரோ யாரிடமும் வசூலிப்பதில்லை. விற்ற தொகை முழுவதும் அவருடைய வருமானம். அதில் ஒரு சதவீதத்தைத் தம் பையிலிருந்து கட்டுகிறார். ஆகவே அது கடை வாடகையைப் போலவே அவருடைய செலவு.

எனக்குச் சரக்கு கொடுப்பவர் பில்லில் 18 சதவீதம் போடுகிறார். அதை ‘இன்புட்’ பேரேட்டில் வைத்திருந்தால் பின்னால் உதவாதா?

உதவாது, கணக்கைக் கெடுக்கும். கொள்முதலில் கொடுத்த வரியைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு, அதாவது இன்புட், காம்பொசிஷன் வணிகருக்குக் கிடையாது. திரும்ப வராத ஒரு தொகையைச் சொத்தாகக் காட்டினால், இல்லாத சொத்து ஒன்று இருப்புநிலைக் குறிப்பில் உட்கார்ந்துகொள்ளும். சரக்கிருப்பு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரமும் இதையே சொல்கிறது: பின்னர் திரும்பப் பெறக்கூடிய வரிகளை மட்டுமே கொள்முதல் விலையிலிருந்து நீக்கலாம், திரும்பப் பெற முடியாத வரி கொள்முதல் விலையின் பகுதியே. எனவே 1,00,000 ரூபாய்ச் சரக்குக்கு 18,000 ரூபாய் வரி சேர்ந்து பில் வந்தால், கொள்முதல் கணக்கில் பற்று எழுத வேண்டியது 1,18,000 ரூபாய். பெங்களூரிலிருந்து சரக்கு வந்து பில்லில் ஐஜிஎஸ்டி இருந்தாலும் இதே முறைதான். வெளிமாநிலத்துக்கு விற்கத்தான் தடை, அங்கிருந்து வாங்கத் தடையில்லை.

இந்தத் தவறு நடந்திருப்பதைக் கண்டுபிடிப்பது எளிது. ‘இன்புட்’ என்ற பேரேட்டைத் திறந்தால் பற்றுப் பக்கம் மட்டும் மாதந்தோறும் ஏறிக்கொண்டே இருக்கும். அதைப் பயன்படுத்திக்கொள்ள வழியே இல்லாததால் வரவுப் பக்கம் காலியாக இருக்கும். பெரும்பாலும் இதற்குக் காரணம் கணக்கு மென்பொருள்தான். நிறுவனத்தின் பதிவு வகையை ‘காம்பொசிஷன்’ என்று மாற்றாமல் ‘ரெகுலர்’ என்றே விட்டுவிட்டால், ஒவ்வொரு கொள்முதல் பதிவிலும் மென்பொருளே வரியைப் பிரித்து ஒதுக்கிவிடும். இன்னொரு காரணமும் உண்டு: சப்ளையர் ஏற்றிய பில் விவரங்கள் ஜிஎஸ்டி இணையதளத்தில் நம் பதிவு எண்ணின் கீழ் வரித்தொகையோடு தெரியும்போது, அது நமக்கு வரவேண்டிய தொகை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அங்கே தெரிவது தகவல் மட்டுமே.

ஓராண்டுக் கணக்கை முழுதாக எழுதிக் காட்ட முடியுமா?

நம் ஏற்காட்டுக் கடையின் ஆண்டு விற்பனை 36,00,000 ரூபாய், எல்லாமே வரிக்குட்பட்ட பொருள்கள் என்று கொள்வோம். அந்த ஆண்டில் வாங்கிய சரக்கின் விலை 24,00,000. அதன் மேல் 18 சதவீத வரி 4,32,000. ஆகக் கொள்முதல் 28,32,000 ரூபாய். சரக்கு லாரி வாடகை 60,000 ரூபாய், அதற்குக் கடைக்காரரே கட்டிய வரி 3,000 ரூபாய் (இதன் விவரம் கீழே வருகிறது). ஆண்டுத் தொடக்கத்தில் கடையில் இருந்த சரக்கு, வரியும் சேர்த்து, 5,90,000. ஆண்டு முடிவில் இருந்தது, அதே முறையில் மதிப்பிட்டு, 7,08,000 ரூபாய்.

தொடக்க இருப்பு, கொள்முதல், லாரிச் செலவு மூன்றையும் கூட்டி முடிவிருப்பைக் கழித்தால் விற்ற சரக்கின் அடக்கம் 27,77,000 ரூபாய் வருகிறது. அதை விற்பனையிலிருந்து கழிக்க மொத்த லாபம் 8,23,000. இனி லாப நட்டக் கணக்கில் கடை வாடகை 1,20,000, ஆள் சம்பளம் 1,80,000, மின்சாரமும் தொலைபேசியும் 24,000, காம்பொசிஷன் வரி 36,000 ஆக 3,60,000 ரூபாய் செலவு. நிகர லாபம் 4,63,000 ரூபாய். கறாராகப் பார்த்தால் லாரிச் செலவில் ஒரு சிறு பங்கு முடிவிருப்பின் மதிப்பிலும் சேர வேண்டும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை இங்கே விட்டிருக்கிறேன்.

இதே கடையின் புத்தகத்தில் வரியை ‘இன்புட்’ என்று பிரித்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். கொள்முதல் 24,00,000 என்றும், தொடக்க இருப்பு 5,00,000 என்றும், முடிவிருப்பு 6,00,000 என்றும் எழுதப்பட்டிருக்கும். அப்போது மொத்த லாபம் 12,37,000, நிகர லாபம் 8,77,000 ரூபாய். உண்மையை விட 4,14,000 ரூபாய் கூடுதல். ஈட்டாத அந்த லாபத்துக்கு வருமான வரி கட்ட நேரலாம்; வங்கிக்குக் கொடுக்கும் இருப்புநிலைக் குறிப்பும் பொய்யாகும். விற்பனையில் மொத்த லாபத்தின் பங்கு, சரியான கணக்கில் ஏறக்குறைய 23 சதவீதம். தவறான கணக்கில் 34 சதவீதத்தைத் தாண்டுகிறது. தம் கடையில் எவ்வளவு லாப விகிதம் கிடைக்கும் என்பது கடைக்காரருக்குத் தெரியும். கணக்கு அதைவிடப் பத்துப் பதினொரு புள்ளி கூடுதலாகக் காட்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கொள்முதல் வரியைத்தான்.

ஒரு சதவீத வரிக்குப் பதிவு எப்படி? ஜனவரி–மார்ச் காலாண்டு வரியை ஏப்ரலில்தானே கட்டுகிறோம், அது எந்த ஆண்டுச் செலவு?

‘காம்பொசிஷன் வரி’ என்று மறைமுகச் செலவுகளின் கீழ் ஒரு பேரேடு வேண்டும். ‘செலுத்த வேண்டிய காம்பொசிஷன் வரி’ என்று நடப்புப் பொறுப்புகளின் கீழ் மத்திய வரிக்கு ஒன்று, மாநில வரிக்கு ஒன்று வேண்டும். காலாண்டின் கடைசி நாளில் அந்தக் காலாண்டு விற்பனைக்கு உரிய வரியைச் செலவில் பற்று எழுதி, பொறுப்பில் வரவு வைக்க வேண்டும். 9,00,000 ரூபாய் விற்பனைக்கு இப்படி வரும்:

```
31-03-2025
காம்பொசிஷன் வரி (செலவு)     பற்று   9,000
   செலுத்த வேண்டிய மத்திய வரி  வரவு   4,500
   செலுத்த வேண்டிய மாநில வரி  வரவு   4,500
```

CMP-08 படிவத்தைக் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18ஆம் தேதிக்குள் தாக்கல் செய்து பணம் கட்டும்போது, பொறுப்பைப் பற்று எழுதி வங்கியை வரவு வைத்தால் பொறுப்பு தீர்ந்துவிடும். ஏப்ரலில் பணம் போனாலும் செலவு மார்ச்சோடு முடிந்த ஆண்டுக்கு உரியது, ஏனெனில் அது அந்த ஆண்டு விற்பனையால் எழுந்த வரி. வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவு வரிச் செலவைக் கட்டினால்தான் ஒப்புக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆண்டுக்கான வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கெடுவுக்குள் கட்டிவிட்டால், அந்த ஆண்டிலேயே கழிக்க அதே பிரிவு இடமளிக்கிறது. ஏப்ரல் 18ஆம் தேதி கட்டியவருக்கு இதில் சிக்கலே இல்லை. கெடுவையும் தாண்டிப் பாக்கி வைத்தவருக்கு, எந்த ஆண்டில் கட்டுகிறாரோ அந்த ஆண்டில்தான் கழிவு கிடைக்கும்.

தாமதமானால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி உண்டு. வட்டியையும் தாமதக் கட்டணத்தையும் காம்பொசிஷன் வரிப் பேரேட்டில் கலக்காமல் தனித்தனியாக வையுங்கள். கலந்துவிட்டால், செலவுப் பேரேட்டின் தொகை விற்பனையில் சரியாக ஒரு சதவீதமா என்று ஆண்டிறுதியில் ஒரே பார்வையில் சரிபார்க்கும் வசதி போய்விடும்.

விற்பனையிலிருந்தே ஒரு சதவீதத்தைக் கழித்து நிகர விற்பனையாகக் காட்டினால் என்ன? லாபம் ஒன்றுதானே?

நிகர லாபம் ஒன்றுதான். ஆனால் விற்பனைத் தொகை மாறிவிடும். புத்தகத்தில் ஒரு விற்பனை, ஆண்டுக்கு ஒருமுறை போடும் GSTR-4 படிவத்தில் இன்னொன்று, வருமான வரிக் கணக்கில் வேறொன்று என்று மூன்று எண்கள் நின்றால், விளக்கம் கேட்டு வரும் கடிதத்துக்குப் பதில் எழுதும் வேலை நம்முடையது.

இதைவிட மோசமான ஒரு வழக்கமும் இருக்கிறது. விற்ற தொகைக்குள் ஒரு சதவீத வரி அடங்கியிருப்பதாக எண்ணி, 36,00,000 ரூபாயை 101 பங்காக்கி அதில் ஒரு பங்கை, அதாவது 35,644 ரூபாயை மட்டும் கட்டுவது. வரி கணக்கிட வேண்டியது வாடிக்கையாளர் கொடுத்த முழுத் தொகையின் மீது. 36,000 ரூபாய்தான் சரி. 356 ரூபாய் குறைவு என்பது பார்வைக்குச் சிறியதே. ஆனாலும் அது குறைத்துக் கட்டிய வரி. வட்டியோடு திரும்பி வரும்.

கடையில் மண்வெட்டியும் கவாத்துக் கத்தரிக்கோலும் விற்கிறேன். அவற்றுக்கு வரியே இல்லை என்கிறார்கள். அந்த விற்பனைக்கும் ஒரு சதவீதம் உண்டா?

இல்லை. காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த சேர்வராயன் மலையில் இந்த விற்பனை சிறியதாக இருக்காது என்பதால் இது கவனிக்கத் தக்கது. கையால் பயன்படுத்தும் விவசாயக் கருவிகளான மண்வெட்டி, கொத்து, அரிவாள், கவாத்துக் கத்தரி முதலியவை வரிவிலக்குப் பெற்றவை. வாங்கி விற்பவருக்கு ஒரு சதவீதம் வரிக்குட்பட்ட பொருள்களின் விற்பனை மீது மட்டுமே. உற்பத்தியாளருக்கு அப்படியல்ல, அவருக்கு மொத்த விற்பனையின் மீதும் வரி.

மேலே காட்டிய மார்ச் காலாண்டில் 9,00,000 ரூபாய் விற்பனையோடு 40,000 ரூபாய்க்கு மண்வெட்டியும் விற்றிருந்தால், கல்லாவுக்கு வந்தது 9,40,000 ரூபாய்; வரி அப்போதும் 9,000 ரூபாய்தான். இதற்காக விற்பனைப் பேரேட்டை முதல் நாளிலிருந்தே இரண்டாகப் பிரித்து வைக்க வேண்டும். ஆண்டிறுதியில் பில் கட்டைப் புரட்டிப் பிரிக்க உட்கார்ந்தால் ஆகாது. ஆனால் திட்டத்துக்கான 1.5 கோடி ரூபாய் வரம்பைப் பார்க்கும்போது இரண்டு விற்பனையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

லாரி வாடகைக்கு நானே வரி கட்ட வேண்டும் என்கிறார் ஆடிட்டர். கடை வாடகைக்கும் உண்டா? அதற்காவது இன்புட் கிடைக்குமா?

இன்புட் எதற்கும் கிடைக்காது. லாரி வாடகைக்கு வரி உண்டா என்பது யாரிடம் சரக்கை ஏற்றினீர்கள் என்பதைப் பொறுத்தது. சரக்குக் குறிப்புச் சீட்டு கொடுக்கும் போக்குவரத்து ஏஜென்சி தன் பில்லில் வரி போடாவிட்டால், ஜிஎஸ்டி பதிவு பெற்ற எவரும், காம்பொசிஷன் வணிகரும்கூட, எதிரிடைக் கட்டண முறையில் 5 சதவீத வரியைத் தாமே கட்ட வேண்டும். ஒரு சதவீதச் சலுகை இதற்குப் பொருந்தாது. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து சீட்டு எதுவுமின்றி கொண்டைஊசி வளைவுகளில் ஏறிவரும் உள்ளூர் டாடா ஏஸ்காரர் ஏஜென்சி அல்ல; அவருக்குக் கொடுக்கும் வாடகைக்கு இந்த வரி இல்லை.

நம் எடுத்துக்காட்டில் 60,000 ரூபாய் வாடகைக்கு வந்த 3,000 ரூபாய் இந்த வரிதான். CMP-08 படிவத்தில் இதற்குத் தனி வரிசை உண்டு. புத்தகத்தில் இதைக் காம்பொசிஷன் வரிப் பேரேட்டில் போடாமல், லாரி வாடகையோடு சேர்த்துச் சரக்கின் அடக்கத்தில் ஏற்ற வேண்டும், ஏனெனில் அது விற்பனையால் எழுந்ததல்ல, சரக்கைக் கடைக்குக் கொண்டுவரும் செலவால் எழுந்தது.

கடை வாடகை விஷயத்தில் ஒரு குழப்பம் நடந்து முடிந்திருக்கிறது. பதிவு பெறாத உரிமையாளரின் கட்டடத்தில் கடை வைத்திருக்கும் பதிவு பெற்ற வணிகர், வாடகைக்கு 18 சதவீத வரியைத் தாமே கட்ட வேண்டும் என்று 2024 அக்டோபர் 10 முதல் விதி வந்தது. 2025 ஜனவரி 16 முதல் காம்பொசிஷன் வணிகர்களுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. இப்போது கட்ட வேண்டியதில்லை.

கடைக்கு 50,000 ரூபாயில் கம்ப்யூட்டர் வாங்கினேன், வரி 9,000. இந்த 9,000 செலவா?

நேரடிச் செலவல்ல. கம்ப்யூட்டரின் அடக்க விலை 59,000 ரூபாய் என்று சொத்தில் எழுதி, அந்தத் தொகையின் மீதே தேய்மானம் கழிக்க வேண்டும்.

இன்புட்டை இழந்து காம்பொசிஷனில் இருப்பது நஷ்டமில்லையா?

ஒரு பொருளை வைத்துப் பார்ப்போம். 1,180 ரூபாய்க்கு வரியோடு வாங்கிய குழாய் செட்டை 1,400 ரூபாய்க்கு விற்றால், காம்பொசிஷன் வணிகர் 14 ரூபாய் வரி கட்டி 206 ரூபாய் மிச்சம் பார்க்கிறார். வழக்கமான முறையில் இருப்பவர் அதே 1,400 ரூபாய்க்கு விற்றால் அதற்குள் 213.56 ரூபாய் வரி. இன்புட் 180 போக 33.56 ரூபாய் கட்டி, 186.44 ரூபாய் மிச்சம் பார்க்கிறார். வீட்டுக்கு வாங்குபவரிடம் விற்கும் கடைக்கு காம்பொசிஷன் இங்கே லாபமே.

லாப விகிதம் குறையக் குறைய இது மாறும். 18 சதவீதப் பொருளில், விற்ற விலைக்கும் வரியோடு வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசம் விற்ற விலையில் ஏறக்குறைய 6.5 சதவீதமாக இருக்கும்போது இரு முறையிலும் வரிச்சுமை ஒன்றாகிறது. அதற்கும் கீழே போனால் காம்பொசிஷன் வணிகர்தான் அதிகம் கட்டுகிறார், ஏனெனில் அவருடைய வரி லாபத்தைப் பார்க்காமல் விற்பனையைப் பார்க்கிறது. நஷ்டத்துக்கு விற்றாலும் ஒரு சதவீதம் உண்டு. பெரிய கம்பெனிப் பெயிண்டை மூன்று நான்கு சதவீத லாபத்தில் தள்ளிவிடும் கடைகள் இதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

வாங்குபவர் யார் என்பது இன்னும் முக்கியம். கட்டட கான்ட்ராக்டர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால், நம்மிடம் 1,400 கொடுத்து வாங்கும் பொருளுக்கு அவருக்கு இன்புட் எதுவும் கிடைக்காது. வழக்கமான முறையில் விற்கும் சேலத்துக் கடையில் அதே விலைக்கு 213 ரூபாய்க்கு மேல் அவருக்கு வரவு கிடைக்கும். அவரை நம்பியிருக்கும் கடை காம்பொசிஷனில் நீடிப்பது கடினம் என்பது என் கருத்து.

நான்கு காலாண்டும் CMP-08 ஒழுங்காகக் கட்டினேன். GSTR-4 போட்ட பிறகு இணையதளத்தில் ‘நெகட்டிவ் லயபிலிட்டி’ காட்டுகிறது. அரசு எனக்குப் பணம் தர வேண்டுமா?

பெரும்பாலும் இல்லை, GSTR-4 படிவத்தின் 6ஆம் அட்டவணை நிரப்பப்படாமல் போயிருக்கும். ஆண்டு விற்பனையும் அதற்கான வரியும் அந்த அட்டவணையில்தான் வர வேண்டும். அதைக் காலியாக விட்டால், ஆண்டு வரிப் பொறுப்பு பூஜ்யம் என்றும், காலாண்டுதோறும் கட்டிய 36,000 ரூபாய் மிகை என்றும் கணினி எடுத்துக்கொள்கிறது. அந்த மிகையை நம்பி அடுத்த ஆண்டு CMP-08 வரியை அதில் கழித்தால், அது கட்டாத வரியாகவே முடியும். தாக்கல் செய்யும் முன் செலவுப் பேரேட்டின் மொத்தத்தையும் 6ஆம் அட்டவணையின் வரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2024-25 முதல் இந்தப் படிவத்துக்குக் கெடு ஜூன் 30.

விற்பனை பெருகி வழக்கமான முறைக்கு மாறினால், கடையில் கிடக்கும் சரக்கின் வரி வீணா?

வீணல்ல, இந்த ஓரிடத்தில் மட்டும் கதவு திறக்கிறது. மாறும் நாளுக்கு முந்தைய நாள் கையிருப்பில் உள்ள சரக்குக்கு, ITC-01 படிவத்தை 30 நாளுக்குள் தாக்கல் செய்து வரவு கோரலாம். கொள்முதல் பில் ஓராண்டுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. வரவு 2 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பட்டயக் கணக்காளர் சான்றும் வேண்டும். நம் கடை 2025 ஏப்ரல் 1 அன்று மாறியதாகவும், எல்லாப் பில்லும் அந்த ஓராண்டுக்குள் இருப்பதாகவும் கொண்டால், 7,08,000 ரூபாய் இருப்பில் அடங்கியுள்ள 1,08,000 ரூபாய் கிடைக்கும். அப்போதுதான் இன்புட் பேரேட்டை முதன்முறையாகத் திறந்து, அதில் 1,08,000 பற்று எழுதி, சரக்கிருப்பை அதே தொகைக்குக் குறைக்க வேண்டும். இருப்பு 6,00,000 ரூபாய் ஆகிவிடும். குறைக்க மறந்தால் ஒரே வரியை வரவாக ஒருமுறையும், சரக்கு விற்கும்போது அடக்கமாக இன்னொரு முறையும் கழித்ததாகிவிடும்.

வழக்கமான முறையிலிருந்து காம்பொசிஷனுக்கு வருபவருக்கு இது தலைகீழ். நிதியாண்டு தொடங்கும் முன் CMP-02 படிவத்தில் விருப்பம் தெரிவித்து, பின் ITC-03 மூலம் இருப்புச் சரக்குக்கு எடுத்த வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தத் தொகையைச் சரக்கின் மதிப்போடு கூட்ட வேண்டும். அதற்கு மேல் வரவுப் பேரேட்டில் மீதம் இருந்தால் அது காலாவதியாகிவிடும், ஆகவே அதையும் செலவில் எழுதித் தீர்க்க வேண்டும்.

நான் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி அனுமான முறையில் விற்பனையில் 8 சதவீதம் லாபம் காட்டுகிறேன். அதிலிருந்து 36,000 ரூபாய் வரியைக் கழிக்கலாமா?

கழிக்க முடியாது. 36,00,000 ரூபாய்க்கு 8 சதவீதம் 2,88,000 என்று அனுமான முறையில் காட்டும்போது, காம்பொசிஷன் வரி உட்பட எல்லா வணிகச் செலவும் ஏற்கெனவே கழிக்கப்பட்டதாகவே சட்டம் கொள்கிறது. வங்கி வழியாக வந்த விற்பனைக்கு 6 சதவீதம் காட்டுவோருக்கும் இதே நிலைதான்.